பத்துப் பொம்மை, எட்டுக் கிலோ, இருபத்தெட்டரைக் கிலோவுக்குக் கட்டணம்: கூரியரா, பஸ்ஸா, லாரியா?

பெங்களூரில் இருக்கும் அக்கா வீட்டில் இந்த முறைதான் முதல் கொலு. "விளாச்சேரி தசாவதாரம்தான் வேண்டும், அதுவும் காகிதக்கூழ் பொம்மையாக இருந்தால் நல்லது, மண் என்றால் வழியிலேயே உடைந்துவிடும்" என்று அக்கா சொல்லியிருந்தாள். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விளாச்சேரிக்குப் போய், ஓரடி உயரத்தில் பத்து அவதாரங்களும் வாங்கினேன். ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குள்தான். 24 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 18 அங்குல உயரம் உள்ள ஐந்தடுக்கு அட்டைப்பெட்டியில், வைக்கோலும் செய்தித்தாளும் திணித்துக் கட்டிய பிறகு, வீட்டுத் தராசில் மொத்தம் எட்டுக் கிலோ.

கூரியர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். தரைவழியில் பெங்களூருக்குக் கிலோவுக்கு 40 ரூபாய், எட்டுக் கிலோவுக்கு 320, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தால் 378 என்றார்கள். மறுநாள் பெட்டியை எடுக்க வந்த தம்பி அளவு நாடாவை நீட்டி மூன்று பக்கமும் அளந்தார். கைப்பேசியில் எதையோ தட்டினார். "அக்கா, இது இருபத்தெட்டரைக் கிலோ வருகிறது. 1,140 ரூபாய், வரியோடு 1,345" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. எட்டுக் கிலோவை நானே தூக்கி வாசலில் வைத்திருக்கிறேன். "தம்பி, தராசில் வைத்துக் காட்டட்டுமா?" என்று கேட்டேன். "எடை எட்டுத்தான் அக்கா, நான் இல்லை என்று சொல்லவில்லை. பெட்டி பெரிதாக இருக்கிறது" என்றார். அன்றைக்குப் பெட்டியைக் கொடுக்கவில்லை. ஒரு நாள் அவகாசம் கேட்டு அனுப்பிவிட்டு, நான்கு இடங்களில் விசாரித்து, அளந்து, கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரிய, லேசான பெட்டியை வெளியூருக்கு அனுப்ப நினைக்கும் எவருக்கும் அந்தக் கணக்கு பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு கிலோவுக்கு ஐந்து லிட்டர் இடம்

கூரியர்காரர்கள் இரண்டு எடைகளைப் பார்க்கிறார்கள். ஒன்று தராசு காட்டும் எடை. மற்றொன்று வால்யூமெட்ரிக் எடை, அதாவது பெட்டி அடைக்கும் இடத்தை எடையாக மாற்றிச் சொல்லும் எண். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5000 ஆல் வகுத்தால் அது வரும். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

அந்த 5000 எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதைவிட, அதை லிட்டராகப் பார்த்தால் சட்டென்று விளங்கிவிடும். ஆயிரம் கன சென்டிமீட்டர் ஒரு லிட்டர். ஆகவே 5000 என்றால், "நீ கொடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஐந்து லிட்டர் இடம் தருகிறேன், அதற்கு மேல் இடம் எடுத்தால் அதையும் எடையாகக் கணக்கிடுவேன்" என்று பொருள். ஒரு லிட்டர் இடத்துக்குள் 200 கிராமுக்கு மேல் சரக்கு இருந்தால் தராசு எடை ஜெயிக்கும். அதற்குக் கீழே இருந்தால் பெட்டியின் அளவு ஜெயிக்கும். என் பெட்டி 142 லிட்டர், உள்ளே எட்டுக் கிலோ. லிட்டருக்கு வெறும் 56 கிராம். வேனில் இடம் நிறைந்துபோய், எடை தாங்கும் திறன் மிச்சமிருக்கும் நிலைமையை உண்டாக்குவது என் பெட்டியைப் போன்றவைதான். இதைப் புரிந்துகொண்ட பிறகு அந்தத் தம்பி மேல் இருந்த கோபம் போய்விட்டது. எடையை மட்டும் கேட்டுக்கொண்டு, பெட்டியின் அளவைக் கேட்காமலேயே விலை சொன்னவர் மேல் இருந்த கோபம் போகவில்லை. தொலைபேசியில் கேட்டிருக்க வேண்டிய மூன்று எண்களை வாசலில் வந்து அளந்ததுதான் விலை மாறியதற்கு முதல் காரணம்.

இரண்டாவது காரணம் என் வீட்டிலேயே இருந்தது. அவர் போன பிறகு நானும் கணக்குப் போட்டேன். அங்குலத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் என்று வைத்து 60, 45, 45 என்று பெருக்கினால் 24.3 கிலோதான் வந்தது. அவரோ 28.5 சொன்னார். நாலு கிலோவுக்கு மேல் வித்தியாசம், 168 ரூபாய். ஏமாற்றுகிறாரோ என்று தோன்றியது. நாடாவை எடுத்து நானே அளந்தபோது 63, 48, 47 என்று அவர் எழுதியதேதான் வந்தது.

எப்படி? ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர், 24 அங்குலம் 61. அட்டைப்பெட்டிக் கடையில் சொல்லும் அளவு உட்பக்க அளவு. ஐந்தடுக்கு அட்டையின் தடிமன் பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் என்றால் வெளி அளவு ஒன்று கூடும். இவை இரண்டும் சேர்ந்தே 62, 47, 47 ஆகி, 27.5 கிலோவைத் தொட்டுவிடுகிறது. மிச்சம் ஒரு கிலோ வைக்கோலால் வந்தது. உடையக்கூடாதே என்று அழுத்தித் திணித்ததில் பக்கங்கள் உப்பியிருந்தன. அளப்பவர் உப்பின இடத்தில்தான் நாடாவை வைப்பார், அதுதான் விதி. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சென்டிமீட்டர் தவறினாலும் மூன்று பக்கமும் பெருக்கப்படுவதால் தவறு கூடிப்போகிறது. கடைசியில் வரும் எண்ணை அரைக் கிலோவுக்கு மேல்நோக்கிச் சரிசெய்வார்கள். 28.43 என்று வந்ததை 28.5 ஆக்கியது அப்படித்தான்.

முதலில் பெட்டியை மாற்றலாமா?

வேறு சேவையைத் தேடுவதற்கு முன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொம்மைக்கு 14 க்கு 13.5 சென்டிமீட்டர் தரை இடம் போதும். என் பெட்டியின் தரையில் நான்குக்கு மூன்று என்று பன்னிரண்டு இடங்கள் இருந்தன. பொம்மைகள் பத்து. இரண்டு இடங்களில் வெறும் வைக்கோல். உயரத்திலும், 30 சென்டிமீட்டர் பொம்மைக்கு மேலும் கீழும் நான்கு நான்கு விட்டாலும் 38 தான் வேண்டும். பெட்டியோ 45 க்கு மேல். காற்றுக்கும் வைக்கோலுக்கும் நான் கட்டணம் கட்டப் போகிறேன் என்பது கண்முன்னே தெரிந்தது.

ஐந்துக்கு இரண்டு வரிசையாக மாற்றினால் பத்து இடம் மட்டும் போதும். அந்த அளவுக்குப் பெட்டி கடையில் கிடையாது. 30 அங்குல நீளப் பெட்டி ஒன்றை வாங்கி, நீளம், அகலம், உயரம் மூன்றையும் வெட்டி மடித்துத் தரச் சொன்னேன். கடைக்காரர் கூலியாக 60 ரூபாய் வாங்கிக்கொண்டார். புதுப் பெட்டியின் வெளி அளவு 75, 32, 39. பெருக்கினால் 93,600. ஐயாயிரத்தால் வகுத்தால் 18.7, கட்டண எடை 19 கிலோ. அதே கூரியரில் 760 ரூபாய், வரியோடு 897. பொம்மையிலும் சேவையிலும் எதுவும் மாறாமல் ஒன்பதரைக் கிலோ குறைந்தது.

இரண்டு சின்னப் பெட்டிகளாகப் பிரித்தால் குறையும் என்று பலரும் நினைக்கிறார்கள். பிரிப்பதால் மட்டும் இடம் குறைவதில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக நான்கு பக்கமும் மெத்தை வைக்க வேண்டியிருப்பதால் மொத்த லிட்டர் கூடும், அரைக் கிலோ மேல்நோக்கிச் சரிசெய்வதும் இரண்டு முறை நடக்கும். ஒரு பொம்மை மட்டும் மிக உயரமாக இருந்து, அதற்காக மற்ற ஒன்பதுக்கும் மேலே காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது என்றால் அந்த ஒன்றைத் தனியாக அனுப்புவதில் அர்த்தம் இருக்கிறது.

இன்னொன்றும் அப்போது தெரிந்தது. எடை குறைவு என்பதால் அனுப்பும் செலவும் குறையும் என்று நான் காகிதக்கூழைப் பற்றி நினைத்திருந்தேன். அதே அளவில் மண் பொம்மை வாங்கியிருந்தால் ஒன்று 1.8 கிலோ, பெட்டியோடு மொத்தம் இருபத்தொன்றரைக் கிலோ. கட்டணம் 860. வித்தியாசம் நூறே ரூபாய். முதலில் கட்டிய அந்தப் பெரிய பெட்டியில் வைத்திருந்தால் வித்தியாசமே இல்லை, இரண்டுக்கும் இருபத்தெட்டரைக் கிலோதான். உடையாது என்பதற்காகக் காகிதக்கூழைத் தேர்ந்தெடுத்தது சரி. கூரியர் செலவுக்காகத் தேர்ந்தெடுத்திருந்தால் தவறு.

கிலோ விலையைப் பார்த்து ஏமாறாமல் இருக்க

இரண்டாவதாக விசாரித்த கூரியர் கிலோவுக்கு 36 ரூபாய்தான் என்றது. நாலு ரூபாய் குறைவு. இந்த முறை கேட்டுவிட்டேன்: "எந்த எண்ணால் வகுப்பீர்கள்?" 4000 என்று பதில் வந்தது. என் புதுப் பெட்டி அங்கே இருபத்துமூன்றரைக் கிலோ ஆகிறது, 846 ரூபாய். குறைந்த விலை சொன்ன இடம் 86 ரூபாய் அதிகம் கேட்கிறது.

இப்படிக் குழம்பாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. பெரிய, லேசான பெட்டிக்குக் கிலோ விலையை மறந்துவிட்டு லிட்டர் விலையைப் பாருங்கள். கிலோ விலையை ஆயிரத்தால் பெருக்கி, வகுக்கும் எண்ணால் வகுத்தால் போதும். முதல் கூரியர்: 40 ஐ ஐந்தால் வகுக்க, லிட்டருக்கு 8 ரூபாய். இரண்டாவது: 36 ஐ நான்கால் வகுக்க, லிட்டருக்கு 9. எது மலிவு என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் இதையே எல்லாச் சரக்குக்கும் சொல்ல முடியாது. என் தோழி சுங்குடிச் சேலை அனுப்புகிறாள். இருபது சேலையை நெருக்கி மடித்து 40, 30, 25 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால் முப்பது லிட்டர், எடை ஒன்பது கிலோ. லிட்டருக்கு 300 கிராம். ஐயாயிரத்தால் வகுத்தாலும் நாலாயிரத்தால் வகுத்தாலும் தராசு எடைதான் அதிகம். அவளுக்கு 36 ரூபாய்க்காரர்தான் மலிவு, 324 ரூபாயில் முடிந்துவிடும். எனக்கு 40 ரூபாய்க்காரர்தான் மலிவு. பக்கத்து வீட்டுக்காரர் "நான் எப்போதும் அங்கேதான் அனுப்புவேன், குறைவு" என்று சொல்வதை நம்புவதற்கு முன், அவர் அனுப்புவது சேலையா பொம்மையா என்று பார்க்க வேண்டும்.

லாரி பார்சல்

லாரி பார்சல் சர்வீஸ்காரர்கள் கணக்கு வேறு. அவர்கள் கன அடியில் பேசுவார்கள். 30 சென்டிமீட்டர் கனசதுரம், அதாவது 27,000 கன சென்டிமீட்டரை ஒரு கன அடி என்று வைத்து, ஒரு கன அடியை இத்தனை கிலோ என்று எடுத்துக்கொள்வார்கள். நான் கேட்ட இடத்தில் எட்டுக் கிலோ. என் பெட்டி மூன்றரைக் கன அடிக்குச் சற்றுக் குறைவு, ஆகவே அங்கே இருபத்தெட்டுக் கிலோ. கூரியரைவிடக் கடுமையான கணக்கு. இருந்தும் கிலோவுக்குப் பத்து ரூபாய்தான், 280 ரூபாய். லிட்டர் விலை மூன்று ரூபாய்க்குள். வால்யூமெட்ரிக் எடை கூடியதைப் பார்த்து மட்டும் பயந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

ஆனால் 280 ரூபாயோடு முடிவதில்லை. எல்.ஆர். எனப்படும் லாரி ரசீது போடும் கட்டணமும் ஏற்றுகூலியும் சேர்ந்து நூறு ரூபாய். பெங்களூரில் கோடவுனில் போய்த்தான் எடுக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவர ஆட்டோவுக்கு நானூறாவது ஆகும். ஆக 780. நாள் சொல்ல மாட்டார்கள், லோடு நிறைந்தால் வண்டி கிளம்பும். நவராத்திரிக்குப் பத்து நாள் இருக்கும்போது அது கவலைதான். அதைவிடப் பெரிய கவலை, வழியில் கோடவுனில் பெட்டிகளை இறக்கி ஏற்றும்போது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். எட்டுக் கிலோ பெட்டிக்கு மேல் ஐம்பது கிலோ மூட்டை ஏறினால் வராகத்தின் கொம்பு என்ன ஆகும்? எல்.ஆர். சீட்டிலேயே "உடைமையாளர் பொறுப்பு" என்று அச்சடித்திருக்கும். பத்துப் பெட்டி அனுப்பும் பொம்மை வியாபாரிக்கு லாரிதான் சரி. ஆட்டோ செலவு பத்துப் பெட்டிக்கும் பங்காகிவிடும், பெட்டிகளும் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கும்போது தங்களுக்குள்ளேயே அடுக்கப்படும். ஒற்றைப் பெட்டிக்கு எனக்கு மனம் வரவில்லை.

ஆம்னி பஸ்

மாட்டுத்தாவணியில் இரவு ஏற்றினால் காலையில் பெங்களூர். நாடாவும் கிடையாது, வகுத்தலும் கிடையாது. பெட்டியைக் கண்ணால் பார்த்து "400 ரூபாய்" என்றார்கள். கண்ணால் பார்ப்பதும் பெட்டியின் அளவைத்தான், எடையை அல்ல. பெரிய பெட்டியோடு போயிருந்தால் கூடத்தான் கேட்டிருப்பார்கள். வேகமும் விலையும் எனக்குப் பிடித்திருந்தன. வழியில் வேறு வண்டிக்கு மாற்றுவதில்லை என்பது பொம்மைக்குப் பெரிய பாதுகாப்பு.

அக்காவிடம் சொன்னேன். "மடிவாலாவில் காலை ஐந்து மணிக்கு நான் போய் நிற்க வேண்டுமா? உன் அத்தான் ஊரில் இல்லை, பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவேன்?" என்றாள். நியாயம்தான். எடுத்து வர ஆள் இருக்கிற வீட்டுக்கு, இந்தத் தூரத்துக்கு, நான் பஸ்ஸைத்தான் சொல்வேன். ஆட்டோவுக்கு முந்நூறு சேர்த்தாலும் எழுநூறு ரூபாயில், மறுநாளே கையில் இருக்கும். ஆள் இல்லாத வீட்டுக்கு அந்த இருநூறு ரூபாய் மிச்சத்தை நினைத்துப் பயனில்லை.

கூரியரிடம் திரும்பி வந்தது

முதல் கூரியரையே திரும்ப அழைத்தேன். இந்த முறை நானே எல்லாவற்றையும் சொன்னேன்: வெளி அளவு 75, 32, 39 சென்டிமீட்டர், தராசு எடை எட்டுக் கிலோ, 5000 ஆல் வகுத்தால் 19 கிலோ, இதற்கு என்ன விலை என்று எழுதி அனுப்புங்கள் என்று கேட்டேன். 760 ரூபாய், வரி தனி என்று குறுஞ்செய்தி வந்தது. பெட்டியின் மூன்று பக்கத்திலும் நாடாவை வைத்து, எண் தெரியும்படி ஒரு படமும், தராசின் மேல் வைத்து ஒரு படமும் எடுத்துக்கொண்டேன்.

படம் எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. வாசலில் வந்து அளந்து விலையை மாற்றுவது உண்மையில் நமக்கு நல்லது. வேண்டாம் என்று சொல்லிப் பெட்டியை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். பெட்டி போன பிறகு, கூரியரின் பெரிய மையத்தில் இயந்திரம் தானாக அளந்து எடை போடும்போதும் கணக்கு மாறலாம். கணக்கு வைத்து மாதாமாதம் கட்டும் சிறு வியாபாரிகளுக்கு இது அடிக்கடி நடக்கிறது. பில்லில் கூடுதல் தொகை ஏறிய பிறகுதான் தெரியும், ஆட்சேபம் சொல்லச் சில நாள்தான் தருவார்கள். அப்போது கையில் இருக்க வேண்டியது அந்தப் படம்.

அதே தம்பிதான் வந்தார். அளந்து பார்த்துவிட்டு, "சரியாக இருக்கிறது அக்கா, பத்தொன்பதேதான்" என்றார். பணத்தைக் கட்டி ரசீது வாங்கினேன். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. உடையும் பொருளாயிற்றே என்று, அவர் எடுத்துப் போவதற்கு முன் பெட்டியின் இரண்டு பக்கத்திலும் தடிமனான தெர்மாகோல் அட்டையை வைத்து ஒட்டினேன்.

நான்காம் நாள் பத்து அவதாரமும் முழுசாக அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கே ஒரு குறுஞ்செய்தியும் வந்தது: மையத்தில் அளந்தபோது அகலம் 33, கட்டண எடை 19.5 கிலோ, கூடுதலாக 20 ரூபாய், வரி தனி. ஆட்சேபம் சொல்லவில்லை. படத்தில் அந்தத் தெர்மாகோல் இல்லை.